டேலி ஆன ரொக்க ஓட்ட அறிக்கையில் மூன்று திருத்தங்கள்: ஒரு சேகோ ஆலைக் கணக்கு

ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ ஆலை, வங்கியில் கடன் வரம்பை உயர்த்தித் தரும்படி கேட்டிருந்தது. வங்கி கேட்ட காகிதங்களில் ரொக்க ஓட்ட அறிக்கையும் ஒன்று. ஆலையில் கணக்கு எழுதும் தம்பி எக்செல்லில் அதைத் தயாரித்துவிட்டு, அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்க்கச் சொல்லி சேலத்தில் என் அலுவலகத்துக்குக் கொண்டு வந்தார். கையில் இருந்தவை இரண்டு வருட இருப்புநிலைக் குறிப்புகளும், ஒரு பக்கத்தில் எழுதிய கூடுதல் விவரங்களும்தான்.

அவருடைய அறிக்கை கடைசி வரியில் சரியாக டேலி ஆனது. ஆண்டு தொடக்கத்தில் 12 லட்சம், முடிவில் 14 லட்சம், நடுவில் 2 லட்சம் உயர்வு. ஆனால் செயல்பாட்டுப் பிரிவின் தொகை தவறு, முதலீட்டுப் பிரிவின் தொகை தவறு, அந்த 2 லட்சம் உயர்வும் தவறு. உண்மையில் ரொக்கம் 3 லட்சம் குறைந்திருந்தது.

"டேலி ஆயிடுச்சுங்களே சார், அப்புறம் எப்படிங்க தப்பா இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, முதல் வரியிலிருந்து மறுபடி போட்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உரிமையாளரின் சம்மதத்தோடு தொகைகளை மாற்றி முழு லட்சங்களாக்கியிருக்கிறேன். ஜிஎஸ்டியையும் எளிமைக்காக விட்டுவிட்டேன்.

எடுத்துக்கொண்ட இருப்புகள் இவை (லட்சம் ரூபாயில்):

| | 31.3.2023 | 31.3.2024 |
|---|---|---|
| பங்கு முதல் | 60 | 70 |
| லாப உபரி | 48 | 57 |
| டெர்ம் லோன் | 50 | 42 |
| கேஷ் கிரெடிட் | 20 | 27 |
| கொடுக்க வேண்டிய பாக்கி | 24 | 35 |
| வரி ஒதுக்கு | 5 | 7 |
| மொத்தம் | 207 | 238 |
| நிலைச் சொத்துகள் (வாங்கிய விலையில்) | 150 | 176 |
| கழிக்க: திரண்ட தேய்மானம் | 45 | 52 |
| நிலைச் சொத்துகள் (நிகரம்) | 105 | 124 |
| சரக்கிருப்பு | 52 | 66 |
| வர வேண்டிய பாக்கி | 38 | 34 |
| ரொக்கமும் வங்கி இருப்பும் | 12 | 14 |
| மொத்தம் | 207 | 238 |

கூடுதல் விவரங்கள் பக்கத்தில் இருந்தவை: 18 லட்சத்துக்கு வாங்கிய பழைய பாய்லர், அதுவரை 13 லட்சம் தேய்மானம் கழிக்கப்பட்ட நிலையில், 3 லட்சத்துக்கு விற்கப்பட்டது. புதிதாக வாங்கிய டிரையருக்குக் கொடுக்க வேண்டியதில் 6 லட்சம் இன்னும் கொடுக்கவில்லை. அது கொடுக்க வேண்டிய பாக்கியில் சேர்ந்திருக்கிறது. இந்த வருட லாபத்துக்கு வரி ஒதுக்கு 6 லட்சம். போன வருடத்துக்கு அறிவித்த பங்காதாயம் 4 லட்சம் இந்த வருடம் கொடுக்கப்பட்டது. கடன் வட்டி 8 லட்சம் முழுதும் கட்டியாயிற்று. டெர்ம் லோனில் 20 லட்சம் கட்டி, புதிதாக 12 லட்சம் வாங்கினார்கள். பங்கு முதலில் கூடிய 10 லட்சம் ரொக்கமாக வந்தது. வங்கி இருப்பில் 5 லட்சம் மார்ச்சில் போட்ட ஒரு வருட வைப்பு, வங்கி உத்தரவாதத்துக்கு ஈடாக வைத்தது.

நான் எப்போதும் கடைசி வரியில்தான் தொடங்குவேன். எந்த எண்ணுக்கு வந்து சேர வேண்டும் என்பது முதலில் தெரிய வேண்டும். இங்கே அந்த 5 லட்சம் வைப்பு முக்கியம். கணக்கியல் தரநிலை 3 சொல்வது, ரொக்கத்துக்கு நிகரானது என்றால் பொதுவாக வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முதிர்வது, மதிப்பு மாறும் ஆபத்து பெரிதாக இல்லாதது. ஒரு வருட வைப்பு அதில் வராது. அதிலும் உத்தரவாதத்துக்கு ஈடாகப் பிடித்து வைத்த பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது. இருப்புநிலைக் குறிப்பில் இதுவும் ரொக்கம் என்ற தலைப்பின் கீழேயே நிற்பதால்தான் கண் ஏமாறுகிறது. அந்தத் தலைப்பை நம்பாமல், கீழே உள்ள பிரிவு விவரத்தைப் பார்க்க வேண்டும். ஆக இறுதி ரொக்கம் 14 இல்லை, 9. தொடக்கம் 12. நாம் வந்து சேர வேண்டிய எண் 3 லட்சம் குறைவு. வைப்பாகப் போன 5 லட்சம் முதலீட்டுப் பிரிவில் வெளியே போன பணமாக நிற்கும்.

அடுத்தது லாபம். தம்பியிடம் லாப நட்டக் கணக்கு கையில் இல்லை. இருப்புநிலைக் குறிப்பிலிருந்தே அதைக் கட்டி எடுக்கலாம். லாப உபரி 48-இலிருந்து 57 ஆனது, 9 கூடியிருக்கிறது. ஆனால் அந்த உபரியிலிருந்துதான் 4 லட்சம் பங்காதாயம் போனது. அதனால் வரிக்குப் பின் லாபம் 13. வரி ஒதுக்கு 6 சேர்த்தால் வரிக்கு முந்தைய லாபம் 19. பிற்பாடு ஆலையிலிருந்து லாப நட்டக் கணக்கு வந்தபோதும் அதே 19 இருந்தது. கணக்கு கையில் இருந்தாலும் நான் இப்படி உபரியிலிருந்து ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். பொதுக் காப்புக்கு மாற்றியது, நேராக உபரியில் கழித்தது என்று ஏதாவது ஒளிந்திருந்தால் இந்த இடத்தில் வெளியே வந்துவிடும்.

இனி நிலைச் சொத்து. இப்படி லாபத்தில் தொடங்கி ரொக்கத்துக்கு வரும் மறைமுக முறையில் அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். நிலைச் சொத்து 150-இலிருந்து 176 ஆகியிருக்கிறது என்பதால் 26 லட்சத்துக்கு வாங்கினார்கள் என்று எழுதிவிட முடியாது. ஆலையில் கிழங்குப் பால் படியும் தொட்டியில் மட்டம் ஒரு அடி ஏறியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து, எவ்வளவு விட்டார்கள், எவ்வளவு வடித்தார்கள் என்று சொல்ல முடியாதல்லவா? இரண்டு இருப்புகளின் வித்தியாசம் அப்படித்தான். வடித்தது எவ்வளவு என்பதைக் கூடுதல் விவரங்கள்தான் சொல்கின்றன. தாளில் இரண்டு கணக்கு போட்டோம்.

முதலாவது, நிலைச் சொத்துக் கணக்கு. தொடக்கம் 150. விற்ற பாய்லரின் வாங்கிய விலை 18 வெளியே போனால் 132. முடிவில் 176 இருக்கிறது. அப்படியானால் வாங்கியது 44. இரண்டாவது, திரண்ட தேய்மானக் கணக்கு. தொடக்கம் 45. விற்ற பாய்லரின் தேய்மானம் 13 அதோடு போய்விடும், மீதி 32. முடிவில் 52. அப்படியானால் இந்த வருடம் எழுதிய தேய்மானம் 20. வித்தியாசமாகத் தெரியும் 7 இல்லை.

பாய்லரின் ஏட்டு மதிப்பு 18 கழித்தல் 13, ஐந்து. மூன்றுக்கு விற்றதால் நட்டம் 2. இந்த 2 லட்சத்தை லாபத்தோடு திரும்பக் கூட்ட வேண்டும், ஏனென்றால் லாபத்தில் அது கழிந்திருக்கிறது, ஆனால் அந்த வகையில் பணம் எதுவும் வெளியே போகவில்லை. கைக்கு வந்த 3 லட்சம் முழுதாக முதலீட்டுப் பிரிவில் நிற்கும்.

இப்போது அந்த 6 லட்சம். டிரையர் சப்ளையருக்குச் சோதனை ஓட்டம் முடிந்தபின் கொடுப்பதாக ஒப்பந்தம். இயந்திரம் ஏட்டில் ஏறிவிட்டது, பணம் போகவில்லை. தம்பி கொடுக்க வேண்டிய பாக்கி 24-இலிருந்து 35 ஆனதை அப்படியே 11 லட்சம் என்று செயல்பாட்டுப் பிரிவில் கூட்டியிருந்தார், இயந்திரம் வாங்கியதை முழு 44 என்று முதலீட்டில் கழித்திருந்தார். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கிழங்குக் காரருக்கும் விறகுக் காரருக்கும் கொடுக்க வேண்டியது 24-இலிருந்து 29 ஆனது மட்டும்தான் செயல்பாடு. மீதி 6 இயந்திரப் பாக்கி. அது கொடுக்க வேண்டிய பாக்கியில் சேராமல் தனியாக இதர நடப்புப் பொறுப்பு என்றே காட்டப்பட்டிருக்க வேண்டும். சேர்ந்துவிட்டதால் நாம் பிரித்தெடுத்தோம். அதன்படி பாக்கி உயர்வு 5, இயந்திரத்துக்கு ரொக்கமாகப் போனது 38.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடக்க ஒதுக்கு 5, இந்த வருடம் சேர்த்தது 6, முடிவில் 7. ஆகக் கட்டியது 4. லாபத்தை வரிக்கு முந்தைய 19-இல் தொடங்கினோம் என்பதால் இந்த 4 மட்டும் செயல்பாட்டுப் பிரிவின் கடைசியில் கழியும்.

வட்டி 8 லட்சத்தை லாபத்தோடு கூட்டி, நிதிப் பிரிவில் கழிக்கிறோம். ஆலை நிதி நிறுவனம் இல்லை என்பதால் கடன் வட்டி நிதிப் பிரிவில்தான் போக வேண்டும். கேஷ் கிரெடிட் வட்டியை வங்கி அந்தக் கணக்கிலேயே பற்று வைத்துவிடுகிறதே, அது கட்டியதாகுமா என்று தம்பி கேட்டார். ஆகும். வங்கி அந்தத் தொகையை நமக்குக் கடனாகக் கொடுத்து அதே கையோடு வட்டியாக எடுத்துக்கொண்டது என்று பொருள். கேஷ் கிரெடிட் உயர்வு 7-இல் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அந்த உயர்வையும் நிதிப் பிரிவிலேயே காட்டினோம். இந்தத் தரநிலையில் அதை ரொக்கத்தில் கழித்துக் காட்டுவதில்லை.

எல்லாவற்றையும் சேர்த்தால் அறிக்கை இப்படி வருகிறது (லட்சம் ரூபாயில், அடைப்புக்குள் இருப்பவை வெளியே போனவை அல்லது கழிப்பவை):

| | |
|---|---|
| வரிக்கு முந்தைய லாபம் | 19 |
| தேய்மானம் | 20 |
| பாய்லர் விற்ற நட்டம் | 2 |
| வட்டி | 8 |
| நடப்பு மூலதன மாற்றத்துக்கு முன் | 49 |
| சரக்கிருப்பு கூடியது | (14) |
| வர வேண்டிய பாக்கி குறைந்தது | 4 |
| கொடுக்க வேண்டிய பாக்கி கூடியது | 5 |
| கட்டிய வரி | (4) |
| செயல்பாட்டிலிருந்து | 40 |
| இயந்திரங்கள் வாங்கியது | (38) |
| பாய்லர் விற்றது | 3 |
| ஒரு வருட வைப்பு | (5) |
| முதலீட்டில் | (40) |
| பங்கு வெளியீடு | 10 |
| புதிய டெர்ம் லோன் | 12 |
| கட்டிய டெர்ம் லோன் | (20) |
| கேஷ் கிரெடிட் உயர்வு | 7 |
| வட்டி | (8) |
| பங்காதாயம் | (4) |
| நிதியில் | (3) |
| ரொக்கக் குறைவு | (3) |
| தொடக்க ரொக்கம் | 12 |
| இறுதி ரொக்கம் | 9 |

தம்பியின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அவருடைய அறிக்கையில் செயல்பாட்டிலிருந்து 46, முதலீட்டில் 41 போனது, நிதியில் 3 போனது. கூட்டினால் 2 உயர்வு. அவர் எடுத்த 12-உடன் 2 சேர்த்தால் 14. கச்சிதமாக டேலி. ஏன் என்றால், இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் சமம். ரொக்கம் தவிர மற்ற எல்லா வரிகளின் மாற்றத்தையும் சரியான கூட்டல் கழித்தல் குறியோடு ஒருமுறை எழுதிவிட்டால், எந்தப் பிரிவில் எழுதினாலும் கடைசித் தொகை ரொக்க மாற்றத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். டேலி ஆவது, இருப்பு மாற்றம் எதுவும் விடுபடவில்லை, குறி மாறவில்லை என்பதற்குத்தான் அத்தாட்சி. எது எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 6 லட்சத்தைச் செயல்பாட்டில் கூட்டி முதலீட்டில் கழித்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. வைப்பை ரொக்கத்திலேயே விட்டால் இரண்டு முனையும் சேர்ந்தே நகர்கின்றன. வட்டி 8-ஐக் கூட்டாமல் விட்டு, நிதியிலும் கழிக்காமல் விட்டால் அதுவும் டேலிதான். டெர்ம் லோனை 20, 12 என்று பிரிக்காமல் நிகரம் 8 குறைவு என்று எழுதினாலும் டேலிதான். ஆனால் வருடத்தில் எவ்வளவு கட்டினார்கள் என்று பார்க்க வரும் வங்கிக்காரருக்கு அந்த 20 கண்ணில் படாது. தம்பி அப்படித்தான் நிகரமாக எழுதியிருந்தார். அதைத் திருத்தினோம், தொகை மாறவில்லை, அறிக்கை சொல்லும் செய்தி மாறியது.

அதனால் டேலி ஆகாத அறிக்கையைவிட டேலி ஆன அறிக்கையில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். கூடுதல் விவரங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, இது எந்த வரியில் உட்கார்ந்திருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்வேன். காட்ட முடியாத விவரம் இருந்தால், அல்லது ஒரு விவரம் அறிக்கையில் எங்கும் தென்படவில்லை என்றால், அங்கே நிற்க வேண்டும். தம்பியின் அறிக்கையில் அந்த 6 லட்சமும் 5 லட்சமும் எந்த வரியிலும் இல்லை. அதுதான் முதல் அறிகுறி.

டேலி ஆகாதபோது தேடுவது ஒரு விதத்தில் எளிது, ஏனென்றால் வித்தியாசத் தொகையே வழி காட்டும். இந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நிலைச் சொத்தில் 26 வாங்கியதாகவும், தேய்மானம் 7 என்றும் எழுதிவிட்டு, பாய்லர் விற்ற 3-ஐயும் நட்டம் 2-ஐயும் சேர்த்தால், கடைசி வரி 5 லட்சம் அதிகமாக நிற்கும். 5 என்பது விற்ற பாய்லரின் ஏட்டு மதிப்பு. வித்தியாசம் ஒரு சொத்தின் ஏட்டு மதிப்புக்குச் சமமாக இருந்தால், அந்த இரண்டு சொத்துக் கணக்குகளைப் போடாமல் வித்தியாசத்தை நேராக எடுத்திருக்கிறார்களா என்று முதலில் சந்தேகிக்கலாம்.

குறி மாறிவிட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகும். சரக்கிருப்பு 14-ஐக் கழிப்பதற்குப் பதில் கூட்டினால் 28 பிசகும். அதனால் பிசகிய தொகையைப் பாதியாக்கி, அந்தப் பாதி எந்த வரியில் இருக்கிறது என்று பார்ப்பது பழைய வழக்கம். ஆனால் ஒரே தொகை இரண்டு காரணங்களால் பிசகக்கூடும் என்றால், தொகையை மட்டும் வைத்துத் தேடுவது ஏமாற்றும். இங்கே 2 குறைந்தால், பாய்லர் நட்டத்தைக் கூட்ட மறந்திருக்கலாம். கட்டிய வரி 4-க்குப் பதில் ஒதுக்கு 6-ஐக் கழித்திருக்கவும் கூடும். இரண்டும் ஒரே பக்கம் 2 பிசகும். இரண்டு வரியையும் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த அறிக்கையை வாசிக்கும் வங்கிக்காரர் என்ன பார்ப்பார் என்பதையும் உரிமையாளரிடம் சொன்னேன். செயல்பாட்டில் 49 ஈட்டியும் சரக்கில் 14 முடங்கிவிட்டது. கிழங்கை ஒன்றிரண்டு நாளுக்குள் அரைத்தாக வேண்டும், இருப்பு வைக்க முடியாது. அதனால் அந்த 14 விலைக்காகக் காத்து நிற்கும் ஜவ்வரிசியும் மாவும்தான். கேஷ் கிரெடிட் 7 கூடியதற்கும் இதற்கும் உள்ள தொடர்பை அவர் கேட்பார், பதில் கையில் இருக்கட்டும் என்றேன். 46 என்று அனுப்பியிருந்தால் அந்த ஆறு லட்சத்துக்கு விளக்கம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

"ஆறு லட்சத்த மறைச்சமாதிரி ஆகிடாதுங்களா, எங்கயும் காட்டலைன்னா?" என்று உரிமையாளர் கேட்டார். காட்ட வேண்டும். ரொக்கம் கைமாறாத முதலீட்டு, நிதி நடவடிக்கைகள் அறிக்கையின் தொகைகளில் சேராது, ஆனால் குறிப்பாகச் சொல்லியாக வேண்டும். கீழே ஒரு வரி எழுதினோம்: வாங்கிய 44 லட்சம் இயந்திரங்களில் 6 லட்சம் ஆண்டு முடிவில் கொடுக்கப்படாமல் உள்ளது. வைப்பு 5 லட்சம் உத்தரவாத ஈடாக வங்கியில் இருக்கிறது, நிறுவனம் அதைப் பயன்படுத்த முடியாது என்பதையும் அருகில் சேர்த்தோம்.

தம்பியின் எக்செல்லில் அடுத்த வருடத்துக்கான தாளையும் அப்போதே திறந்து ஒரு குறிப்பு போட்டு வைத்தோம். டிரையர் சப்ளையருக்கு 6 லட்சம் கொடுக்கும்போது, அடுத்த ஆண்டு கொடுக்க வேண்டிய பாக்கி அந்த அளவு குறையும். அதைச் செயல்பாட்டுப் பிரிவில் கழித்துவிடக் கூடாது. பாக்கி மாற்றத்தைப் போடும்போது தொடக்க இருப்பை 35 என்று எடுக்காமல் 29 என்று எடுத்துக்கொண்டு, அந்த 6 லட்சத்தை 2024-25-இல் முதலீட்டுப் பிரிவில் இயந்திரத்துக்குக் கொடுத்ததாக எழுத வேண்டும். அதே தாளில் 2023-24-க்கான ஒப்பீட்டுப் பத்தியிலும் இறுதி ரொக்கம் 9 என்றே நிற்க வேண்டும், 14 இல்லை.